7.2 லட்சமா, 7.8 லட்சமா? சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்

சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்கு இப்போது ஆண்டுக்கு 7,20,000 பேக்கேஜ். வேறொரு கம்பெனி 7,80,000 தருவதாகச் சொன்னது. மாதம் 5,000 கூடுதலாக வரும் என்று சந்தோஷமாக இருந்தான். பழைய சம்பளச் சீட்டையும் புது ஆஃபர் கடிதத்தையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்தோம்.

பழைய வேலையில் பேக்கேஜை 12ஆல் வகுத்தால் 60,000. சீட்டில் வருமானப் பக்கத்து மொத்தமோ 54,457தான். பேசிக் 30,000. அதில் 12 சதவீதமாகக் கம்பெனி கட்டும் பி.எஃப். 3,600, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 1,443, மருத்துவக் காப்பீட்டுக்கு 500 ஆகியவை பேக்கேஜில் உண்டு, வருமானப் பக்கத்தில் வராது. அப்புறம் பிடித்தம் பக்கத்தில் இவன் பங்கு பி.எஃப். 3,600. கைக்கு வருவது 50,857.

புது ஆஃபரில் மாதக் கணக்கு 65,000. அதில் 6,500 'வேரியபிள்', அதாவது ஆண்டு முடிவில் கம்பெனி தந்தால் உண்டு. பேசிக்கும் கிராஜுவிட்டியும் காப்பீடும் அதேதான். ஆனால் பி.எஃப்.பை முழு பேசிக்கில் போடாமல், சட்ட உச்சவரம்பான 15,000க்கு மட்டும் 1,800 என்று போட்டிருந்தார்கள். அது சட்டப்படி சரிதான். வருமான மொத்தம் 54,757, பிடித்தம் 1,800, கைக்கு 52,957.

ஆக, கையில் கூடுவது 2,100. இரு தரப்புப் பங்கும் சேர்ந்து பி.எஃப்.புக்குப் போவதோ 7,200இலிருந்து 3,600 ஆகக் குறைகிறது. வேரியபிள் வராவிட்டால் பழைய வேலையே மாதம் 1,500 மேல். வேரியபிளில் ஏறக்குறைய கால்வாசி வந்தால் இரண்டும் சமம். முழுசாக வந்தால்தான் அவன் நினைத்த 5,000. கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், நடுவில் விலகினால் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன்.

தொழில் வரி சென்னையில் இந்தச் சம்பளத்துக்கு ஆறு மாதத்துக்கு 1,250. இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை. புதிய வரி முறையில் இருவகையிலும் வருமான வரி இல்லை.

சில கம்பெனிகள் தங்கள் பங்கு பி.எஃப்.பையும் வருமானத்தில் காட்டிப் பிடித்தத்தில் கழிப்பார்கள். பிடித்தத்தில் பி.எஃப். இரண்டு முறை இருந்தால் அதுதான். பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை பி.எஃப். பாஸ்புக்கில் பார்க்கலாம். கம்பெனி பங்கில் 1,250 ஓய்வூதியப் பத்தியில் தனியாக நிற்கும், குறைகிறதே என்று பயப்பட வேண்டாம்.

என்னைத் தயங்க வைத்தது கிராஜுவிட்டி. மாதாமாதம் பேக்கேஜில் காட்டினாலும், இவனைப் போன்ற நிரந்தர ஊழியர் பொதுவாக 5 ஆண்டு முடித்தால்தான் அது கிடைக்கும். இவனுக்கு மூன்றரை ஆண்டு ஆகிறது. இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தால் 30,000 × 15/26 × 5 என்று சுமார் 86,500 ரூபாய் கிடைக்கும். இப்போது விலகினால் அது போய்விடும். புது வேலையில் கூடும் 2,100 அதை ஈடுகட்ட 41 மாதத்துக்கு மேல் ஆகும். வேரியபிள் பற்றிய பதில் வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.