டெங்குவா, சிக்குன்குனியாவா? மூட்டைக் கேளுங்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஐப்பசி மழை விட்ட மறுவாரம் இரண்டு பேர் படுத்தார்கள். கீழ்வீட்டில் 24 வயதுப் பையன், மாடியில் அவனுடைய அத்தை, வயது 54. இருவருக்கும் திடீர்க் காய்ச்சல், 102க்கு மேல். இருவரும் "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். மாடிப்படி ஓரம் மூடாமல் கிடந்த டிரம்மில் புழு நெளிந்துகொண்டிருந்தது. அதனால் இரண்டும் ஒரே நோய் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கொசு ஒன்றுதான்: பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ். ஆனால் பையனுக்கு வந்தது டெங்கு, அத்தைக்கு சிக்குன்குனியா. நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு பேரையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால், வேறுபாடு எங்கே தெரிந்தது என்பதை அவர்கள் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதல் நாளிலேயே ஒரு துப்பு இருந்தது. வலி எங்கே என்று பையனிடம் கேட்டபோது கண்ணுக்குப் பின்னால், இடுப்பு, தொடை என்று காட்டினான். கையை இறுக்கி மூடச் சொன்னேன், மூடினான். அத்தையால் முடியவில்லை. விரல்கள் பாதியிலேயே நின்றன. மணிக்கட்டு தொட்டால் சூடாக இருந்தது, கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கிப் பாதத்தைத் தரையில் வைத்ததும் கத்திவிட்டார். டெங்குவில் வலி பெரும்பாலும் தசையிலும் எலும்பிலும்தான். மூட்டு வலித்தாலும் வீங்குவது அபூர்வம். சிக்குன்குனியா மூட்டையே தேடிப் போகிறது, அதுவும் சின்ன மூட்டுகளை: விரல், மணிக்கட்டு, கணுக்கால், பாதம். இடதில் வந்தால் வலதிலும் வரும். எப்போதோ சுளுக்கியிருந்த மூட்டு இருந்தால் அங்கே கூடுதலாகப் பிடிக்கும். 1950களின் தொடக்கத்தில் இன்றைய தான்சானியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். 'வளைந்து போவது' என்ற பொருளில் அங்குள்ள மகோண்டே மொழியில் வைத்த பெயர் அது. நம் காதுக்கு அதில் 'குனிய' என்று கேட்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். 2006இல் தமிழ்நாட்டில் இது பரவியபோது கோழி தின்றால் வரும் என்று சிலர் 'சிக்கனை' விட்டார்கள். கோழிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் வீக்கத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடலாமா? கூடாது. முதல் வாரத்தில் வீக்கம் ஒரு துப்பு மட்டுமே. இரண்டு வைரசும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வருவதும் உண்டு. எனவே காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கடந்து, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை எல்லோரையும் டெங்கு நோயாளியாகவே நடத்த வேண்டும். இதன் நடைமுறைப் பொருள் ஒன்றுதான்: வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த உடம்பில் இந்த வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமாலுக்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 650 மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு நான்கு. வலி தாங்கவில்லை என்று எட்டு, பத்து போட்டால் கல்லீரல் தாங்காது.

பையனின் கதை நான்காம் நாளில் திரும்பியது. காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் நிம்மதி. உண்மையில் டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அன்று மாலை வயிறு வலித்தது, மூன்று முறை வாந்தி, பேசவே சோர்வு. இரத்தம் எடுத்தார்கள். தட்டணு முந்தைய நாள் 1,10,000, இப்போது 62,000. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி 41இலிருந்து 48க்கு ஏறியிருந்தது. தட்டணு விழுவதோடு பிசிவி ஏறுவதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய், இரத்தம் கெட்டிப்படுகிறது என்று அதற்குப் பொருள். தட்டணு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பப்பாளி இலைச்சாறு தேடி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் உயிரைக் காப்பது அளவோடு ஏற்றும் சலைன்தான். அவனைச் சேர்த்து இரண்டு நாள் ஏற்றினார்கள், எட்டாம் நாள் வீடு திரும்பினான். மூன்று வாரம் அசதி இருந்தது. மூட்டில் ஒரு தடயமும் இல்லை.

அத்தைக்கோ தட்டணு 1,70,000க்குக் கீழே இறங்கவே இல்லை. சிக்குன்குனியாவில் கொஞ்சம் குறையலாம், டெங்கு மாதிரி சரிவது வழக்கமில்லை. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் கையிலும் மார்பிலும் தடிப்பு, அப்புறம் மூக்கின் நுனியில் கருமை. நம் ஊர் நோயாளிகளில் இந்தக் கருமையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், டெங்குவில் பார்த்ததில்லை. சில மாதங்களில் தானே போய்விடும். பரிசோதனையிலும் நாள் கணக்கு முக்கியம். முதல் ஐந்து நாளில் டெங்குவுக்கு, வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை பயன்படும், ஆனால் அது நெகட்டிவ் என்பதால் மட்டும் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிக்குன்குனியாவுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஐஜிஎம் சோதனையை முதல் சில நாளில் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். அவருக்கு மூன்றாம் நாள் எடுத்தபோது அப்படித்தான் வந்தது, எட்டாம் நாள் எடுத்ததில் பாசிட்டிவ். அந்த முதல் நெகட்டிவ் அறிக்கையைப் பார்த்து 'சாதா வைரல்தான்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் இரண்டு பாதையும் முழுதாகப் பிரிந்தன. பையன் வேலைக்குப் போய்விட்டான். அத்தை காலையில் பல் துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல் இருந்தார். எழுந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் விறைப்பு, மதியம் வாக்கில் தளரும், இரவு மறுபடி பிடிக்கும். நான் நாள் கணக்கை இப்படித்தான் வைப்பேன்: மூன்று வாரம் வரை நோயின் முதல் கட்டம், மூன்று மாதம் வரை இடைக்கட்டம், அதற்கு மேல் போனால் நாட்பட்ட மூட்டழற்சி. 45 வயதைத் தாண்டியவர்கள், முதல் வாரத்தில் வீக்கம் கடுமையாக இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் அந்தக் கடைசிக் கட்டம் வரை போக வாய்ப்பு அதிகம். அத்தைக்கு மூன்றுமே பொருந்தியது.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாளே தோசை சுட்டார், எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்! ஐந்தாம் நாள் வலி முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பியது, மறுபடி ஊசி. இப்படி நான்கு. சீட்டில் மருந்தின் பெயர் இல்லை, கேட்டதற்குப் 'பவர் ஊசி' என்றார்களாம். ஸ்டீராய்டாகத்தான் இருந்திருக்கும். ஸ்டீராய்டே கூடாது என்பதில்லை. இடைக்கட்டத்தில் வலி மாத்திரைக்கு அடங்காத வீக்கத்துக்கு, மருத்துவர்கள் குறைந்த அளவு மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். திடீரென்று போட்டுத் திடீரென்று விடுவதுதான் வலியைத் திருப்பிக் கூட்டி வருகிறது. அத்தைக்குச் சர்க்கரையும் இருந்தது. நான்காவது ஊசிக்குப் பிறகு வெறும் வயிற்றில் 260.

சரி, அதை நிறுத்திவிட்டு என்ன செய்தோம்? டெங்கு பயம் கடந்துவிட்டதால், சிறுநீரகச் சோதனை பார்த்துவிட்டு மருத்துவர் நாப்ராக்சன் என்ற வலி மாத்திரையை உணவுக்குப் பின் கொடுத்தார், கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை. என் பங்கு கைக்கு. காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, நீருக்குள்ளேயே விரலைக் கொக்கி போல மடக்குவது, பிறகு முழு முட்டி, பிறகு நேராக விரிப்பது, ஒவ்வொன்றும் பத்து முறை. இதில் பலம் கூட்டும் நோக்கமில்லை. தசைநார் அதன் உறைக்குள் ஒட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். சிக்குன்குனியா மூட்டோடு நிற்பதில்லை, தசைநார் உறையையும் வீங்க வைக்கும். அந்த வீக்கம் மணிக்கட்டில் நரம்பை நெருக்கினால் இரவில் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போகும். அத்தைக்கு அது வந்தது. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டி கட்டிவிட்டேன், மூன்று வாரத்தில் மரப்பு குறைந்தது. குதிகாலுக்கு வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. கடுமையாக வீங்கி, சூடாக இருக்கும் மூட்டுக்கு மட்டும் வெந்நீர் வேண்டாம், ஐஸைத் துணியில் சுற்றி வைக்கலாம். பயிற்சிக்கு என் அளவுகோல் எளிது: செய்த வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி அனுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீங்கிய விரலுக்கு அது தண்டனை.

மூன்று மாதம் முடிந்தும் இரண்டு மணிக்கட்டும் நான்கு விரல் கணுக்களும் வீங்கியே இருந்தன. இந்த இடத்தில் மூட்டுவாத மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் இந்தத் தோற்றம் முடக்குவாதத்தை அச்சு அசலாக ஒத்திருக்கும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் சோதனை லேசாகப் பாசிட்டிவ் வந்ததும் வீட்டில் அழுதுவிட்டார்கள். வைரஸ் நோய்க்குப் பிறகு அது தற்காலிகமாக ஏறலாம். முடக்குவாதத்தை இன்னும் உறுதியாகக் காட்டும் எதிர்-சிசிபி சோதனை நெகட்டிவ், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. கூடவே, எல்லாம் ஆரம்பித்தது ஒரு காய்ச்சலில், ஒரே நாளில். இவற்றைச் சேர்த்து, சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டழற்சி என்று முடிவு செய்தார். எதிர்-சிசிபி பாசிட்டிவ் ஆகவோ எலும்பு அரிப்பு தெரியவோ செய்திருந்தால் பாதையே வேறு.

அவர் எழுதியது மூட்டழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரு நாள் 10 மி.கி., பிறகு 15. மறுநாள் ஃபோலிக் அமிலம். கேரளத்தில் செய்து 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மூட்டுவாத மருந்து மட்டும் கொடுத்ததைவிட அதனோடு மெத்தோட்ரெக்சேட்டும் சல்ஃபாசலசின் என்ற இன்னொரு மூட்டுவாத மருந்தும் சேர்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். சின்ன ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. அத்தையின் மருத்துவர் ஒரு மருந்தோடு தொடங்கிப் பார்க்கலாம் என்றார். மெத்தோட்ரெக்சேட்டை 'வாரம் ஒன்று' என்பதற்குப் பதில் தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் நாட்காட்டியில் எல்லா ஞாயிறையும் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தேன். கல்லீரல், இரத்த அணுச் சோதனை முதலில் மாதாமாதம். கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கும் மது குடிப்பவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது.

மருந்து தொடங்கிய ஆறாவது வாரத்தில் காலை விறைப்பு அரை மணியாகக் குறைந்தது. ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் மாடியிலிருந்து கூப்பிட்டு, தேங்காய் துருவிய கையை இறுக மூடிக் காட்டினார். சுண்டுவிரல் மட்டும் உள்ளங்கையைத் தொடவில்லை. பதினோராம் மாதம் மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு தடவை வந்ததால் சிக்குன்குனியா அவரை அநேகமாக மறுபடி அண்டாது. பையனுக்கு அந்த நிம்மதி இல்லை. டெங்குவில் நான்கு வகை உண்டு, வேறொரு வகை வந்தால் இரண்டாம் முறை கடுமையாகலாம். அந்த டிரம்முக்கு மூடி வாங்கிப் போட்டது அவன்தான்.