சோனி ஏ6000 பாடியில் ஹீலியோஸ் 44-2: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சோவியத் காலத்து 58 எம்எம் f/2 லென்ஸ் இது. எம்42 திருகு மவுண்ட். லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனி இ-மவுண்டில் இருப்பது 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ.தான் அடாப்டரின் வேலை. உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் உலோகக் குழாய். ஆனால் அது 0.1 மி.மீ. தடித்துவிட்டாலும் சுமார் 33 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் கிடைக்காது. அதனால் மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் சற்று மெலிந்தே வரும். அவற்றில் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பினால் நிலா மங்கும். கொஞ்சம் பின்வாங்க வேண்டும். தூர அளவுகோலை நம்பாமல் திரையைப் பார்த்தே திருப்புங்கள்.

இந்த லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் `Release w/o Lens` என்பதை `Enable` செய்யாவிட்டால் ஷட்டர் அசையாது.

கேமராவின் ஃபோகஸ் பீக்கிங் வசதி தூரத்தை அளப்பதில்லை, மாறுபாடு கூடிய விளிம்புகளுக்குச் சாயம் பூசுகிறது, அவ்வளவுதான். ஹீலியோஸ் f/2-வில் மென்மையானது. வெளிச்சம் எதிரே இருந்தால் படம் முழுக்கப் பால் படர்ந்ததுபோல் ஆகி, சாயமே வராது. கையால் முன்பக்கம் நிழல் கொடுத்தால் திரும்பி வரும். `Peaking Level` `High`-இல் இருந்தால் புருவம், இமை, மூக்கு எல்லாம் சிவக்கும். ஒரு மீட்டரில் f/2-வின் கூர்மை ஆழமோ 2 செ.மீ.தான். `Low` வைத்து, சாயத்தால் கண்ணருகே வந்து, `Focus Magnifier`-இல் பெரிதாக்கி இமை மயிரில் முடிப்பதே சரியாக விழுகிறது. லென்ஸ் கேமராவுடன் பேசாததால் உருப்பெருக்கம் தானாக வராது. அதற்கு ஒரு பட்டனை ஒதுக்கிவிடுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கேமராவுக்கு அபர்ச்சர் எண் தெரியாது, உள்ளே வரும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். 44-2-இல் இரண்டு வளையங்கள்: ஒன்று எண்ணைக் குறித்து வைக்கும், மற்றது கிளிக் இல்லாமல் அந்த எண்ணுக்கும் f/2-வுக்கும் இடையே ஓடும். f/5.6-இல் எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். `M` முறை, ஐஎஸ்ஓ 400. முதல் வளையத்தை f/5.6-இல் வைத்து, இரண்டாவதை மூடி, திரையடியில் `MM` 0.0 காட்டும்வரை ஷட்டரைத் திருப்புங்கள். பிறகு திறந்து ஃபோகஸ் செய்து, மீண்டும் மூடி எடுங்கள். திறந்த நிலையில் ஷட்டரை அமைத்துவிட்டால் படம் மூன்று ஸ்டாப் இருண்டுபோகும். திறந்தவுடன் திரை வெளுத்து விளிம்புகள் கரைந்தால், `Live View Display`-ஐ `Setting Effect OFF` செய்தால் போதும்.

f/2.8, f/4-இல் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். அபர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் தளமே சற்று நகர்வதால், எடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்வது நல்லது. f/5.6 முதல் ஆழம் அந்த நகர்வை விழுங்கிவிடும்.

பழைய 44-2 வாங்கும்போது அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதழ்களைக் கைதான் நகர்த்துகிறது, ஸ்பிரிங் அல்ல. டார்ச் அடித்துப் பூஞ்சை இழைகள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.