230 கிராமில் 20000 எம்ஏஎச்: பவர் பேங்க் சரக்கு எடுப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

என்னைப்போல் சின்னதாக மொபைல் உதிரிக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதே சரக்கை எடுக்கும் யோசனையில் இருந்தால், ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 40 பீஸ் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு வாடிக்கையாளர் தன் பவர் பேங்கைக் காட்டி, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். அடியில் இருந்த மாடல் எண்ணைப் படம் எடுத்து சப்ளையருக்கு அனுப்பினேன். அவர் மாடலைச் சரியாகவே கண்டுபிடித்தார், கூடவே இதே ரகத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது என்று சொல்லி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு அட்டவணை அனுப்பினார். முதல் மாடல், அதாவது வாடிக்கையாளர் கொண்டுவந்தது, 20000 எம்ஏஎச், 22.5 வாட், 3 போர்ட். இரண்டாவதும் எழுத்துக்கு எழுத்து அதேதான், விலை மட்டும் கணிசமாகக் குறைவு. மூன்றாவது 10000 எம்ஏஎச், 20 வாட், 2 போர்ட். இப்படிப் பார்த்தால் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தானே எடுப்பார்கள்? நானும் எடுத்தேன்.

பத்து நாளில் 9 பீஸ் விற்றது, அதில் 4 திரும்பி வந்தது. முதலில் வந்தவர் சொன்னது, "இரண்டு பக்கமும் டைப் சி இருக்கிற கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறவில்லை." கேபிள்தான் கோளாறு என்று நினைத்து மாற்றிக் கொடுத்தேன் (என் புத்தி அவ்வளவுதான்). அப்புறம் பெட்டியின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், அந்த டைப் சி வழியாக பவர் பேங்குக்கு மின்சாரம் உள்ளே மட்டும்தான் போகும், வெளியே வராது. அதையும் சேர்த்து எண்ணித்தான் 3 போர்ட். முதல் மாடலில் அதே ஓட்டை உள்ளே வாங்கும், வெளியேயும் கொடுக்கும். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே டிக்.

மற்ற மூன்று பேரும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று சமையல் தராசில் வைத்தேன். முதல் மாடல் 395 கிராம், இரண்டாவது 230, மூன்றாவது 220. அங்கேயே குட்டு உடைந்துவிட்டது. 20000 எம்ஏஎச் என்பது செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, பெருக்கினால் 74 வாட்-அவர். பவர் பேங்கில் போடும் நல்ல லித்தியம் செல்லே கிலோவுக்குச் சுமார் 250 வாட்-அவர்தான் தாங்கும், ஆக செல் மட்டுமே 300 கிராமை ஒட்டி வரவேண்டும். சர்க்யூட்டும் கூடும் சேர்த்து மொத்தமே 230 கிராம் என்றால் உள்ளே இருப்பது 10000 எம்ஏஎச் செல்தான்.

இருந்தாலும் யூஎஸ்பி மீட்டரும் லோடும் மாட்டி, 5 வோல்ட், 2 ஆம்பியரில் மூன்றையும் காலி செய்து பார்த்தேன். முதலாவது ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடி 12,300 எம்ஏஎச் கொடுத்தது. இரண்டாவது மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை, 5,700. மூன்றாவது 6,000, அதாவது "20000"-ஐ விட அதிகம்! முதலாவது 20000 கொடுக்கவில்லையே என்று கேட்காதீர்கள், அது ஏமாற்று இல்லை. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போதே 20000 என்பது 14,800 ஆகிவிடும், அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். அதனால்தான் ஒழுங்கான தயாரிப்பில் 'ரேட்டட் கப்பாசிட்டி' என்று தனியாக, பொடி எழுத்தில், 12000 என்றோ 6000 என்றோ போட்டிருப்பார்கள். என் இரண்டாவது மாடலில் அந்த வரியே இல்லை, வாட்-அவரும் இல்லை. வாட்-அவர் போடாத பவர் பேங்கை விமானத்தில் கொண்டுபோக முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு, 100 வாட்-அவர் வரைதான் பொதுவாக அனுமதி, அதைச் சரிபார்க்க அந்த எழுத்தைத்தான் தேடுவார்கள்.

22.5 வாட் பற்றியும் ஒரு வார்த்தை. அது சில போன்களின் தனி வேகச் சார்ஜ் முறையில் மட்டும் கிடைப்பது, முதல் மாடலிலும் அப்படித்தான். மற்ற போன்களுக்கு பெரும்பாலும் 18, 20 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், இரண்டு போன் ஒன்றாக மாட்டினால் வேகம் இன்னும் இறங்கும். அந்த எண்ணை வைத்து நான் இனி மாடலைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இப்போது கடையில் மூன்றாவதைத்தான் அதிகம் வைக்கிறேன், 15 பீஸ். பையில் போட்டுக்கொள்ள லேசாக இருக்கிறது, அதன் டைப் சி இரண்டு வழியும் வேலை செய்கிறது. முதலாவது 5 போதும், நீண்ட பயணம் போகிறவர்கள் மட்டும் கேட்கிறார்கள், அதிகம் அடுக்கினால் அலமாரியிலேயே சார்ஜ் இறங்கி செல் கெட்டுப்போகும், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதி ஏற்றி வைக்கவேண்டும்.

சப்ளையரிடம் தராசுப் படத்தையும் மீட்டர் படத்தையும் அனுப்பிக் கேட்டதற்கு, "அண்ணே, பெட்டியில் போட்டிருப்பதைத்தானே நான் அட்டவணையில் போட்டேன்" என்றார். விற்ற 9 பேரில் திரும்பி வந்த 4 பேருக்கும் பணம் கொடுத்துவிட்டேன், மீதி 5 பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்ததும் சேர்த்து 35 பீஸ் பின்னறையில் கிடக்கிறது.