அப்பா சென்னையில், மகள் டாலஸில்: ஃபிளாட் விளம்பரத்தை இரண்டு மொழியில் எழுதும் மூன்று வழிகள்

சென்னையில் ஒரு ரீசேல் ஃபிளாட்டை நேரில் போய்ப் பார்ப்பவர் ஒருவர், பணம் போடுபவர் இன்னொருவர் என்பது இப்போது சகஜம். அப்பா வெயிலில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். டாலஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகள் அதைப் படித்துவிட்டு ராத்திரி போனில் பேசுவாள். விற்கும் பக்கமும் அப்படித்தான். அம்மா பெயரில் இருந்த வீட்டுக்கு மூன்று வாரிசுகள் இருப்பார்கள், அதில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்.

அதனால் இந்த விளம்பரம் இரண்டு பேருக்கும் புரிந்தால் மட்டும் போதாது. இருவரும் போனில் பேசும்போது ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதியாகத் தெரியவேண்டும். நான் மூன்று வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை வீடு. நங்கநல்லூரில் இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளங்கள், தளத்துக்கு மூன்று வீடு. நம் வீடு இரண்டாவது தளத்தில். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்பெட் 680 சதுர அடி, சுவர்களையும் சேர்த்த பில்ட்-அப் 800, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் 960. விலை 72 லட்சம்.

முதல் வழி, எல்லோரும் செய்வது: தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒரே பத்தியாக அடித்துவிடுவது. டூ பிஎச்கே, ஈஸ்ட் ஃபேசிங், யுடிஎஸ் 533, ஈசி கிளியர், செகண்ட் ஃப்ளோர், ரேட் 72, ஸ்லைட்லி நெகோஷியபிள். இதை எழுத இரண்டு நிமிடம் போதும். உள்ளூரில் புரோக்கர்களும் வீடு தேடிப் பழகியவர்களும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார்கள். குரூப்பில் போட்டு நாலு போன் வரவேண்டும் என்பது மட்டும் நோக்கமானால் இது வேலை செய்யும். நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் கடல் தாண்டியதும்தான். யுடிஎஸ் என்பது மனையில் இந்த வீட்டுக்கு உள்ள பிரிபடாத பங்கு, ஈசி என்பது வில்லங்கச் சான்று. இந்தச் சுருக்கங்கள் அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். தெரிந்த மாதிரி தோன்றும் சொற்களில்தான் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் தெருமட்டத்தில் இருப்பதே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். எனவே செகண்ட் ஃப்ளோர் என்றால் டாலஸ் மகள் ஒரு மாடி ஏறினால் போதும் என்று நினைப்பாள். நம் வீட்டுக்கு ஸ்டில்ட்டிலிருந்து இரண்டு மாடி ஏறவேண்டும், அதுவும் லிஃப்ட் இல்லாமல். முட்டி வலி உள்ள அம்மாவுக்காக வீடு தேடும் மகளுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ரேட் 72 என்பதும் அப்படியே: லட்சம் என்ற சொல்லை விழுங்கிவிட்டால், வெறும் எண்ணை வைத்து அங்கே யாரும் எதையும் கணக்குப் போட முடியாது.

இரண்டாவது வழி கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் செய்வது. மேலே முழு விளம்பரமும் தமிழில், கீழே முழுவதும் ஆங்கிலத்தில். பார்க்க மரியாதையாக இருக்கும், மொழியும் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். அச்சில் தரும் விளம்பரத்துக்கும், ஒருமுறை எழுதி மாற்றவே மாற்றாத விஷயத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஃபிளாட் விற்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் விளம்பரம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாதம் 72 லட்சத்தை 69 ஆக்குவார்கள், தமிழில் மட்டும். கீழே ஆங்கிலத்தில் பழைய விலை அப்படியே நிற்கும். அப்பா 69 என்கிறார், மகள் 72 என்கிறாள், இரண்டு பேரும் சொல்வது சரி. இந்த இடத்தில் வாங்குபவருக்கு வரும் முதல் எண்ணம் விலையைப் பற்றியதாக இருக்காது, விற்பவரின் நேர்மையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அப்புறம் இன்னொன்று: வாட்ஸ்அப் நீளமான செய்தியைப் பாதியில் மடித்துவிடும். முழுவதும் தமிழில் தொடங்கும் செய்தியைத் தமிழ் படிக்கத் தெரியாத பேரன் விரித்துப் பார்க்க மாட்டான். கீழே ஆங்கிலம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இதே வழியின் இன்னொரு வடிவம், டிசைன் செய்த படமாகப் போடுவது. படத்திலிருந்து எழுத்தைச் சரியாகக் காப்பி செய்வது சிரமம், விலை மாறினால் டிசைனரிடம் போகவேண்டும். நான் இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். விவரங்களை எண் போட்ட வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் தமிழ் ஒரு வரி, உடனே கீழே ஆங்கிலம் ஒரு வரி. மாதிரிக்குச் சில எண்கள் மட்டும்:

```
3. தளம்: ஸ்டில்ட்டுக்கு மேல் 2-வது தளம், லிஃப்ட் இல்லை
   Floor: two storeys above stilt parking, no lift
4. கார்பெட்: 680 சதுர அடி
   Carpet area: 680 sq ft / 63 sq m
5. மனையில் பிரிபடாத பங்கு: 533 சதுர அடி
   Undivided share of land, UDS: 533 sq ft
8. விலை: ₹72 லட்சம், பதிவுச் செலவு தனி
   Price: ₹72 lakh = ₹7.2 million, registration extra
```

இதில் எண்தான் முக்கியம். அப்பா போனில் "மூணாவது வரியைப் பாரும்மா, லிஃப்ட் இல்லையாம்" என்று சொன்னால், மகள் அதே வரியைத் தன் மொழியில் படிப்பாள். விலை மாறினால் எட்டாவது எண்ணில் இரண்டு வரிகளும் கண்ணெதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது கடினம். மாற்றிய தேதியை அந்த வரியிலேயே போட்டுவிடலாம். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுங்கள், ஏனென்றால் 05/04 என்பது இங்கே ஏப்ரல், அமெரிக்காவில் மே.

பரப்பளவுக்கு ஒரு வரி போதாது. நம் வீட்டுக்கு 960-ஐ மட்டும் போட்டால் சதுர அடிக்கு 7,500 ரூபாய், 680-ஐ வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 10,590. இரண்டும் ஒரே வீடுதான். உள்ளூர்க்காரர் சூப்பர் பில்ட்-அப் என்றதும் படிக்கட்டு, வராந்தா எல்லாம் சேர்த்தது என்று மனதில் கழித்துக்கொள்வார். வெளிநாட்டில் இருப்பவர் 960 சதுர அடியும் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்து, கட்டில் சோஃபாவெல்லாம் எங்கே போடலாம் என்று கணக்குப் போடுவார். ஆகவே மூன்று அளவையும் மூன்று எண்களில் கொடுங்கள், கார்பெட் முதலில் வரட்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சதுர மீட்டர் வேண்டும். சதுர அடியை 10.76 ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். கிரவுண்டு என்று மட்டும் எழுதாதீர்கள், பக்கத்திலேயே சதுர அடியும் இருக்கட்டும்.

சென்னை வீட்டுக்கு இன்னொரு எண் கட்டாயம்: வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் நின்றதா, எவ்வளவு உயரம், ஸ்டில்ட்டுக்குள் வந்ததா என்று எழுதுங்கள். உள்ளூர்க்காரர் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொள்வார். தூரத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் டிவியில் பார்த்த படங்களை மனதில் வைத்துக்கொண்டு சென்னை முழுவதையும் ஒரே மாதிரி சந்தேகப்படுவார்.

இந்த வழிக்கும் குறை உண்டு. படிக்க வறட்சியாக இருக்கும், வீட்டின் அழகு எதுவும் இதில் வராது. அதனால் எண் வரிகளுக்குப் பிறகு இரண்டு சின்னப் பத்திகள் சேர்ப்பேன், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இவை ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றதாக இருக்கவேண்டியதில்லை. தமிழ்ப் பத்தியில் உள்ளூர்க்காரர் கேட்பது: மெட்ரோ வாட்டர் தினமும் வருகிறதா, கோடையில் போர்வெல் வற்றுமா, நங்கநல்லூர் ரோடு மெட்ரோவுக்கும் பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கும் நடந்து போகலாமா, எந்தக் கோயிலுக்குப் பின்தெரு. ஆங்கிலப் பத்தியில் தூரத்தில் இருப்பவர் கேட்பது: வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவீர்களா, பத்திரங்களின் ஸ்கேன் கிடைக்குமா, விற்பவர்கள் எத்தனை பேர், எல்லோரும் இங்கே இருக்கிறார்களா. விலை, அளவு, தளம் போன்ற எதுவும் இந்தப் பத்திகளில் மறுபடி வரக்கூடாது. வந்தால் இரண்டாவது வழியின் நோய் இங்கேயும் ஒட்டிக்கொள்ளும்.

விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அதை மட்டும் பத்தியில் விடாமல் எண் வரியாகவே, இரண்டு மொழியிலும் போடுங்கள். அவர் நேரில் வராவிட்டால் பவர் பத்திரம் அனுப்பித்தான் கையெழுத்து நடக்கும், அதற்குத் தூதரகம், நோட்டரி என்று நாள் ஆகும். வெளிநாட்டில் குடியிருக்கும் விற்பனையாளருக்குப் பணம் கொடுக்கும்போது வாங்குபவர் பிடிக்கவேண்டிய வருமான வரியும் உள்ளூர் விற்பனையாளருக்குப் பிடிப்பது போல இருக்காது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் பேச்சு முறிந்துபோகும்.

பத்திர எண், சர்வே எண், பட்டா நகல் ஆகியவற்றைப் பொதுவில் போடவேண்டாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ அனுமதி என எவை கையில் தயார் என்று மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள். நிஜமாகவே ஆர்வம் காட்டுபவருக்கு எண்களைத் தனியாக அனுப்பினால், வில்லங்கத்தை அவரே tnreginet.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ள முடியும்.

போன் எண்ணை +91 சேர்த்தே போடுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டில் அதைச் சேமித்து வாட்ஸ்அப்பில் தேடுபவருக்குக் கிடைக்காது. பேசும் நேரம் மாலை 6 முதல் 9 என்றால், இந்திய நேரம் என்று ஆங்கில வரியில் சொல்லவேண்டும். டாலஸில் அது கோடைக்காலக் காலை 7.30 முதல் 10.30, வேலைக்குக் கிளம்பும் நேரம்.

தட்டச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோடில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது போனிலேயே அடித்துவிடுங்கள். எக்செல் மாதிரி கட்டம் போடவும் வேண்டாம், போன் திரையில் கட்டங்கள் கலைந்துவிடும்.

போடுவதற்கு முன் உங்கள் தெருவில் தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர் ஒருவருக்கும், வெளியூரில் ஆங்கிலம் மட்டும் படிக்கும் உறவுப் பிள்ளை ஒருவருக்கும் அனுப்பிவிட்டுத் தனித்தனியாக மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை மாடி ஏறவேண்டும்? வீட்டுக்குள் எத்தனை சதுர அடி? மொத்தம் எவ்வளவு ரூபாய்? பதில் எந்தக் கேள்வியில் பிரிகிறதோ, அந்த எண்ணின் இரண்டு வரிகளையும் சேர்த்தே திருத்துங்கள்.