தோசைக்கல் வாங்கியபோது நான் செய்த தவறும், விற்றவர் செய்த தவறும்

2023 நவம்பர் இறுதியில், ஏற்கெனவே பழக்கியது என்று விளம்பரம் செய்யப்பட்ட வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதால், நான்கு நாளில் வர வேண்டிய பொருள் பதினைந்து நாள் கழித்து, ஒரு பக்கம் ஊறிப்போன அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. கல்லின் அந்தப் பக்க விளிம்பில் செந்துரு படிந்திருந்தது.

மூன்றாம் நாள் அடுப்பில் வைத்தபோது, படீரென்ற ஒலியுடன் கல் இரண்டாகப் பிளந்தது. கோபத்தில் தாமதம், துரு, பிளவு மூன்றையும் ஒரே பத்தியில் கொட்டி, ஒற்றை நட்சத்திரம் இட்டு அனுப்பினேன். மழைவெள்ளத்துக்கும் கூரியர்காரர் பெட்டியை நனைத்ததற்கும் தாங்கள் பொறுப்பல்ல என்று விற்றவர் பணிவாகப் பதில் எழுதினார். பிளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெள்ளத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்துக்குள்ளேயே அவர் ஒளிந்துகொள்ள நானே இடம் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வார்ப்பிரும்பு புதிதாக உடைந்தால் அந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையை உடைத்தாற்போல் மணிமணியாகத் தெரியும். வழியில் பெட்டி கீழே விழுந்து விரிசல் கண்டிருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். ஈரம் இறங்கியிருந்தால் செந்துரு சேர்ந்திருக்கும், அவ்வளவே. என் கல்லிலோ விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் வரை உடைந்த முகம் கருத்து, எண்ணெய் காய்ந்து இறுகிய பளபளப்புடன் இருந்தது. அதற்கு அப்பால்தான் சாம்பல் நிறம் தொடங்கியது. கல்லைப் பழக்க எண்ணெய் தடவிச் சுட்டபோதே அது விரிசலுக்குள் இறங்கிக் கருகியிருக்கிறது. நான் அடுப்பில் வைத்த மூன்று நாளில், அதுவும் நான் எண்ணெய் தேய்க்காத அடிப்புறம் வரை, அப்படி இறுகிவிடாது. ஆகவே, பட்டறையை விட்டுப் புறப்படும்போதே அது விரிசல் கண்ட கல்.

தாமதத்தையும் துருவையும் அறவே விட்டுவிட்டு, அந்தக் கருத்த இரண்டு அங்குலத்தின் படத்துடன் பிளவை மட்டும் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மின்வணிகம் தொடர்பான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கும் அதே விதி பொருந்தும் என்றாலும், இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் நேர்ந்த தாமதத்துக்கு விலக்கு உண்டு. அதாவது, என் மூன்று குறைகளில் எதை முதலில் எழுதினேனோ, அதுவே சட்டப்படி நிற்காத குறை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பிளவை மட்டும் பதிவு செய்த பிறகே பணம் திரும்பி வந்தது. கூரியர் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நட்சத்திரத்தை நான் மாற்றவில்லை. ஆனால் வெள்ளத்தைப் பற்றிய வரிகளை நீக்கிவிட்டு, அந்தப் படத்தைச் சேர்த்திருக்கிறேன்.