விருப்பப் பாட ஒதுக்கீடு: சீட்டு வரிசையா, முதல் விருப்பத்துக்கு முன்னுரிமையா?

எங்கள் பொறியியல் கல்லூரியில் பிற துறை விருப்பப் பாடங்களை ஒதுக்கும் வேலை இரண்டரை ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. கடந்த பருவத்தில் 186 மாணவர்கள், ஆறு பாடங்கள், பாடத்துக்கு 35 இடங்கள். மொத்த இடங்கள் போதும். ஆனால் தரவு அறிவியலை மட்டும் 92 பேர் முதல் விருப்பமாக எழுதியிருந்தார்கள். வருடாவருடம் தகராறு தொடங்குவது அங்கேதான்.

முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். காலை பத்து மணிக்குப் படிவம் திறந்தால் பத்து மணி நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விடுதியில் எந்த மாடிக்கு இணையம் வேகமாக வருகிறது என்பதுதான் அதில் தெரியும். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

முதல் முறையில், எல்லோருடைய முதல் விருப்பங்களையும் முதலில் நிரப்புவோம். இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கலில் வந்த சீட்டு எண் பார்ப்போம். எஞ்சியவர்களுக்கு இரண்டாம் விருப்பம், பிறகு மூன்றாவது. இரண்டு பருவங்கள் இப்படித்தான் செய்தேன். இரண்டாம் முறைக்குப் பொருளியல் நூல்களில் வரிசைச் சர்வாதிகாரம் என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. பெயர்தான் பயங்கரம். சீட்டுக் குலுக்கி ஒரு வரிசை போடுகிறோம். முதல் எண்காரர் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார், அடுத்தவர் மிச்சத்தில் பிடித்ததை எடுக்கிறார், இப்படியே கடைசிவரை. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, காலியாக இருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பழைய பொறியியல் கலந்தாய்வும் அடிப்படையில் இதுதான். நான் இப்போது இதன் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று. அதைச் சிறிய கணக்காகக் காட்டுகிறேன்.

ஆறு மாணவர்கள், சீட்டு எண் 1 முதல் 6 வரை. தரவு அறிவியல், புதுப்பிக்கத்தக்க ஆற்றல், தொழிற்சாலைப் பாதுகாப்பு என மூன்று பாடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்கள். 1, 2, 3, 6 ஆகிய நால்வரும் தரவு, ஆற்றல், பாதுகாப்பு என்ற வரிசையில் எழுதியிருக்கிறார்கள். 4 எழுதியது ஆற்றல், தரவு, பாதுகாப்பு. 5 எழுதியது ஆற்றல், பாதுகாப்பு, தரவு.

முதல் விருப்பத்துக்கு முன்னுரிமை கொடுத்தால், தரவு 1, 2-க்கும் ஆற்றல் 4, 5-க்கும் போய்விடும். 3-க்கும் 6-க்கும் பாதுகாப்பு. நால்வருக்கு முதல் விருப்பம் என்று முதல்வரிடம் அறிக்கை கொடுக்க நன்றாக இருக்கும். ஆனால் மூன்றாம் எண்காரரைப் பாருங்கள். அவர் உண்மையை எழுதினார், கடைசி விருப்பத்தில் விழுந்தார். அவருக்குப் பின்னால் நிற்கும் 5, அவருடைய இரண்டாம் விருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். 3 கொஞ்சம் கணக்குப் போட்டு ஆற்றலை முதலில் எழுதியிருந்தால், சீட்டு எண்ணின் பலத்தில் அது அவருக்கே கிடைத்திருக்கும். பொய் எழுதினால் இரண்டாம் விருப்பம், மெய் எழுதினால் மூன்றாம் விருப்பம்.

என் இரண்டாம் பருவத்தில் இது அப்படியே நடந்தது. மூன்றாவது விருப்பம் கிடைத்த ஒரு மாணவர் பட்டியலை அச்செடுத்து, பின்னால் இருந்தவரின் வரிக்குச் சிவப்பு மையில் கோடிட்டுக்கொண்டு வந்து நின்றார். "சார், சீனியர்கள் சொன்னார்கள், கூட்டம் இல்லாத பாடத்தை முதலில் போடு என்று. நான்தான் கேட்கவில்லை." அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இதே முறைதான் இருந்தது. கூட்டம் சேராத நல்ல பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து மேலே எழுதுங்கள் என்று பெற்றோர் குழு ஒன்று ஆலோசனை சொல்லும் அளவுக்குப் போயிற்று. 2005-இல் அந்த நகரம் முறையையே மாற்றிவிட்டது.

அதே ஆறு பேருக்குச் சீட்டு வரிசையைப் போட்டால், 1, 2-க்குத் தரவு, 3, 4-க்கு ஆற்றல், 5, 6-க்குப் பாதுகாப்பு. முதல் விருப்பம் பெற்றவர்கள் மூவர்தான். ஆனால் ஒருவரின் பட்டியலை அவர் முறை வரும்போது மட்டுமே திறக்கிறோம். காலியாக இருப்பதில் அவர் மேலே எழுதியது எதுவோ அது அவருக்கு. மாற்றி எழுதினால் தனக்குத்தானே குறைந்ததை எடுத்துக்கொடுப்பதாகும், வேறு பயன் இல்லை. குறை சொல்ல வருபவருக்கும் ஒரே வரியில் பதில் சொல்லலாம்: "உன் எண் 131. தரவு அறிவியலின் கடைசி இடம் 71-ஆம் எண்ணோடு முடிந்தது." உண்மையில் கடந்த பருவத்தில் நான் சொன்ன பதில் இதுதான். இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

மொத்த மனநிறைவை அதிகமாக்கும் கணக்கைப் போடலாமே என்று கணினித் துறை நண்பர் சொன்னார். மேலே சொன்ன இரண்டு ஒதுக்கீடுகளிலும் விருப்ப எண்களைக் கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 10 வரும். அதைவிடக் குறைக்க வழியில்லை. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? மென்பொருள் ஏதோ ஒன்றைத் தரும், பெயர்ப்பட்டியலின் வரிசையை மாற்றினால் வேறொன்றைத் தரக்கூடும். மூன்றாம் எண்காரரிடம் போய் அதை எப்படி விளக்குவது?

நிரல் இவ்வளவுதான்:

```python
order = sorted(students)
random.seed(seed)
random.shuffle(order)
for s in order:
    for c in pref[s]:
        if seats[c] > 0:
            result[s] = c
            seats[c] -= 1
            break
```

`sorted` என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பதிவெண் வரிசையில் தொடங்கினால்தான், குலுக்கலைத் தீர்மானிக்கும் அதே `seed` எண்ணைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் அதே முடிவைச் சரிபார்க்க முடியும். அந்த எண்ணை நான் தேர்ந்தெடுப்பதில்லை. விருப்பப் பட்டியல்கள் மூடிய பிறகு, மூன்று துறை மாணவர்கள் கரும்பலகையில் ஆளுக்கொரு இலக்கம் எழுதுவார்கள். ஆறு பாடங்களையும் வரிசைப்படுத்தாத படிவத்தை ஏற்கவும் மாட்டேன். ஒரே பாடத்தை மட்டும் எழுதினால் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைத்த நான்கு பேர், முதல் தடவை இடமே இல்லாமல் நின்றார்கள்.

யாராவது பாதியில் விலகினால் இந்த முறையின் இன்னொரு நல்ல குணம் தெரியும். மேலே 1 விலகினால் தரவு 3-க்குப் போகும், அவர் விட்ட ஆற்றல் 5-க்குப் போகும், பாதுகாப்பில் ஓர் இடம் காலியாகும். மறுபடி குலுக்காமல், குலுக்கிய `order` வரிசையிலிருந்து விலகியவரை மட்டும் நீக்கிவிட்டு ஒதுக்கீட்டை மறுபடி ஓட்டினாலும் இதே முடிவுதான். யாருடைய நிலையும் கீழே இறங்காது.

குறை இல்லாமல் இல்லை. கடைசி எண்காரர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம்தான், இருவர் ஒரே பாடத்தில் சேர்ந்து படிக்க விரும்பினாலும் இதில் வழியில்லை. நான் ஆளுக்கு ஒரு பாடம்தான் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்தாறு பாடங்களை ஒரே மூச்சில் இப்படி ஒதுக்கினால் முன்வரிசைக்காரர்கள் நல்லதையெல்லாம் அள்ளிவிடுவார்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் சுற்றுக்கு ஒரு பாடம் வீதம் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் திருப்பினார்கள். அங்கே மாணவர்கள் மறுபடி கணக்குப் போட்டு எழுதத் தொடங்கியதை 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனாலும் வரிசைச் சர்வாதிகாரத்தைவிட அதில் மாணவர்களுக்கு மொத்தத்தில் நன்மை அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்தச் சூழலுக்கு என் சாய்வு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசி விருப்பம் கிடைத்தவர்களுக்கு அடுத்த பருவத்தில் முன்னுரிமை கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேட்க நியாயமாக இருந்தாலும் மறுத்துவிட்டேன். எழுதிய பட்டியலைப் பார்த்துச் சலுகை கொடுத்தால், பாதுகாப்புப் பாடத்தில் திருப்தியாக இருக்கும் 5 அதை வேண்டுமென்றே கடைசியில் எழுதிவைப்பார். பதிலாக, அடுத்த பருவத்தில் இதே சீட்டு வரிசையைத் தலைகீழாக்குகிறேன். அதற்கு யார் எதை எழுதினார்கள் என்று பார்க்கத் தேவையில்லை. 186-ஆம் எண்காரர் இப்போதே வந்து, படிவம் எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.