முடியும் கதையும் முடியாத கதையும்

கடலூர் முதுநகரில் அத்தை வீட்டில் ராத்திரிச் சாப்பாடே சீரியலோடுதான். "இந்த ரகசியம் எப்படா உடையும்?" என்பார். இப்போதைக்கு உடையாது அத்தை.

கொலம்பியாவின் 'யோ சோய் பெட்டி, லா ஃபேயா' (1999–2001) டெலிநாவலில், அதாவது முடிவை நோக்கியே போகும் லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், கம்பெனி கைவிட்டுப் போகாமலிருக்க முதலாளி அர்மாண்டோ, பெட்டி என்ற பெண்ணைக் காதலிப்பதாக நடிக்கிறான். திட்டத்தை விவரிக்கும் நண்பனின் கடிதம் அவளிடம் சிக்குகிறது. அதற்குள் அவனுக்கு நிஜக் காதலே வந்துவிட்டது. அப்புறம் மன்னிப்பு, கல்யாணம், முடிவு. நன்றாக ஓடினால் டெலிநாவலையும் இழுப்பார்கள்தான். ஆனால் இழுபடுவது நடுப்பகுதி மட்டும். அந்தக் கடிதத்தை அவள் இரண்டாம் முறை கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவின் 'கைடிங் லைட்' தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, 2009வரை ஓடியது. இப்படி முடிவில்லாமல் நீளும் வகையில் கல்யாணம் முடிவல்ல, அடுத்த பிரிவுக்கான முதலீடு. ரகசியமும் சில்லறையாகவே செலவாகும்: முதலில் தங்கைக்கு, பிறகு மாமியாருக்கு, கடைசியில் புருஷனுக்கு. ஒரு குடும்பத்தின் சண்டை அடங்குமுன் இன்னொரு வீட்டில் மூட்டிவிடுவார்கள். சரக்கு தீர்ந்தால் நினைவிழப்பு, இல்லையென்றால் செத்தவர் திரும்பி வருவார்.

அத்தை சீரியலில் இன்னும் தங்கைக்கே தெரியவில்லை.